சேனல் நிரந்தரமா போயிடுச்சா? புதுப் பக்கம் தொடங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

சம்பளத்துக்கு மேல மாசம் அஞ்சாயிரம், பத்தாயிரம்னு யூடியூப் சேனல்ல இருந்து வருது, அதை வருமான வரிக் கணக்குல எப்படிக் காட்டுறதுன்னு கேட்டு வர்ற இளைஞர்கள் இப்ப அதிகம். நல்ல கேள்விதான். ஆனா அந்தச் சேனல் ஒருநாள் காலையில காணாமப் போனா என்ன பண்ணுவீங்கன்னு நான் திருப்பிக் கேட்டா, வர்ற பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "புது ஜிமெயில் ஓபன் பண்ணி, புது சேனல் ஆரம்பிச்சு, 'நான் திரும்ப வந்துட்டேன்'னு ஒரு வீடியோ போட்டுடுவேன் சார்."

சேனலை யூடியூபே நீக்கியிருந்தா, அந்த ஒரு வீடியோதான் அடுத்த சேனலையும் காலி பண்ணும். அதோட சேர்ந்து மாணவர்கள் கட்டுன ஃபீஸ், ஸ்பான்சர் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் சிக்கல்ல மாட்டும். அதனால இந்தப் பதிவுல யூடியூப் சேனலையே உதாரணமா எடுத்துக்கிட்டு மூணு விஷயம் பார்க்கப் போறோம். எந்த மாதிரி இழப்புக்குப் பிறகு புதுசா தொடங்கலாம், எதுல தொடங்கக் கூடாது. ஃபாலோயர்ஸுக்கு விதி மீறாம எப்படித் தகவல் சொல்றது. நடுவுல கையில இருக்கிற பணத்தை எப்படிப் பிரிச்சு வைக்கிறது.

முதல்ல, எப்படிப் போச்சுன்னு பாருங்க

"சேனல் போச்சு"ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றோம். ஆனா அதுல மூணு வகை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் விதி வேற.

ஒண்ணு, திருட்டு. யாரோ உங்க கூகுள் கணக்குல புகுந்து, பாஸ்வேர்டு மாத்தி, சேனல் பேரையும் மாத்திட்டாங்க. இல்லன்னா பழைய மெயில், பழைய போன் நம்பர் ரெண்டுமே கையில இல்லாம நீங்களே உள்ள போக முடியல. இதுல யூடியூப் உங்க மேல எந்தத் தடையும் போடல. கணக்கை மீட்கிற வழிகளை எல்லாம் பார்த்தும் கிடைக்கலைன்னா, அங்கேயே புது சேனல் தாராளமா தொடங்கலாம்.

ரெண்டு, நீங்களே அழிச்சது. எந்தத் தடையும் இல்லாத நேரத்துல நீங்களா சேனலை மூடியிருந்தா, திரும்பத் தொடங்குறதுல தப்பில்லை.

மூணு, யூடியூப் நீக்கினது. இதுதான் தடை. இங்கதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. இந்தத் தடை அந்தச் சேனல் முகவரிக்கோ அந்த ஜிமெயிலுக்கோ போட்டது மட்டும் இல்ல, உங்களுக்கே போட்டது. நீக்கப்பட்டவர் வேற எந்த யூடியூப் சேனலையும் தொடங்கக் கூடாது, வெச்சிருக்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற ரெண்டாவது சேனலுக்கும் இது பொருந்தும். நீங்க திரும்பத் திரும்ப வர்ற, இல்ல முக்கியமான ஆளா வர்ற இன்னொருத்தரோட சேனலுக்கும் பொருந்தும். அப்படி ஏதாவது கண்ணுல பட்டா அந்தச் சேனலும் போகும். நண்பருக்கு நீங்க செய்யற பெரிய கெடுதல் இதுதான்.

எது நடந்ததுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? மெயிலைப் பாருங்க. நீக்கினது யூடியூபா இருந்தா, எந்தக் கொள்கையின் கீழ நீக்கினாங்கன்னு மெயில்ல இருக்கும். திருட்டா இருந்தா, அதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு மாறினது, புது இடத்துல இருந்து லாகின் ஆனதுன்னு எச்சரிக்கை மெயில் வந்திருக்கும்.

சில சமயம் ரெண்டும் சேர்ந்து வரும். திருடினவன் உங்க சேனல்ல போலி கிரிப்டோ லைவ் ஓட்டுவான், யூடியூப் அதைப் பார்த்து சேனலையே நீக்கிடும். "திருட்டுதானே, நான் புதுசு தொடங்கிடறேன்"னு இங்க போகக் கூடாது. யூடியூபோட பதிவேட்டுல இது நீக்கம்தான். முதல்ல "கணக்கு திருடப்பட்டது"ன்னு ஆதாரத்தோட மேல்முறையீடு பண்ணி, அந்த நீக்கத்தை எடுக்க வைக்கணும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. முதல் ஸ்ட்ரைக் வந்தா ஒரு வாரம் வீடியோ போட முடியாது. அந்த ஒரு வாரத்துல "சரி, நம்ம இன்னொரு சேனல்ல போடுவோம்"னு போடறதையும் தடையைச் சுத்திப் போறதாத்தான் எடுத்துக்குவாங்க. ஒரு வாரம் சும்மா இருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம், நிரந்தர நீக்கத்துல போய் நிக்கும்.

நிரந்தரம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கதவு இருக்கு

முதல் கதவு யூடியூபோட மேல்முறையீடு. நீக்கினதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள பண்ணலாம். அதுல கோபமா நாலு பக்கம் எழுதுறதுல பிரயோஜனம் இல்லை. அவங்க சொன்ன கொள்கை எது, உங்க எந்த வீடியோ அதுல வராது, ஏன்னு சுருக்கமா எழுதுங்க. அனுப்பினதோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோட வெச்சுக்கோங்க.

ரெண்டாவது கதவு நம்ம நாட்டுச் சட்டத்துல இருக்கு. நிறைய பேருக்கு இது தெரியாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் படி, பெரிய சமூக ஊடகத் தளங்கள் எல்லாம் இந்தியாவுல ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வெச்சிருக்கணும். அவருக்கு எழுத்துல புகார் கொடுக்கலாம். அவரோட முடிவு உங்களுக்கு ஒத்துவரலைன்னா, அது கிடைச்ச 30 நாளுக்குள்ள மத்திய அரசோட குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு gac.gov.in தளத்துல ஆன்லைன்லயே மேல்முறையீடு செய்யலாம். 2022 அக்டோபர்ல விதியைத் திருத்தி, 2023 ஜனவரியில இந்தக் குழுக்களை அமைச்சாங்க.

இதுல ஒரு இடத்துல கவனம் வேணும். யூடியூப் ஆப்ல பண்ற மேல்முறையீடு வேற, குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கொடுக்கிற புகார் வேற. ஆப்ல "நிராகரிக்கப்பட்டது"ன்னு வந்த மெயிலை மட்டும் வெச்சுக்கிட்டு நேரா குழுவுக்குப் போகாதீங்க. அதிகாரிகிட்ட புகார் கொடுத்து, அவர் கொடுத்த பதிலை வெச்சுத்தான் மேல போகணும்.

இந்த ரெண்டு கதவும் மூடினாலும் மூணாவதா ஒண்ணு இருக்கு, ஆனா அது உடனே திறக்காது. நீக்கப்பட்டவங்க புது சேனலுக்கு அனுமதி கேட்கிற ஒரு வழியை யூடியூப் 2025 அக்டோபர்ல அறிவிச்சது. நீக்கி ஒரு வருஷம் ஆன பிறகுதான் கேட்க முடியும். பதிப்புரிமை மீறலுக்காக நீக்கப்பட்டவங்களுக்கு இது கிடையாது. கொடுக்கிறதும் கொடுக்காததும் அவங்க முடிவு. கிடைச்சாலும் பழைய சந்தாதாரர்கள் வரமாட்டாங்க, பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். விளம்பர வருமானத்துக்கும் 1,000 சந்தாதாரர், 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வைன்னு திரும்ப முதல்ல இருந்து வரணும்.

அனுமதி கேட்கிற அந்த வசதி, பழைய சேனலோட கணக்குல யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ள போனாத்தான் தெரியும். அதனால கோபத்துல அந்த கூகுள் கணக்கை அழிச்சுடாதீங்க. அழிச்சா, ஒரு வருஷம் கழிச்சுத் தட்டறதுக்குக் கதவே இருக்காது.

ஒரு உதாரணக் கணக்கு

இதை ஒரு கற்பனை ஆளை வெச்சுப் பார்ப்போம். திருச்சியில தனியார் கம்பெனியில ரூ.45,000 சம்பளம் வாங்குறவர். டிஎன்பிஎஸ்சி கணக்குப் பாடம் நடத்துற சேனல், 22,000 சந்தாதாரர்கள். விளம்பரத்துல மாசம் சுமார் ரூ.9,000 வருது. இது போக பிப்ரவரி 1-ல இருந்து நாலு மாசப் பயிற்சி வகுப்பு, 60 பேர், ஆளுக்கு ரூ.1,200. மார்ச்ல போட வேண்டிய ஒரு வீடியோவுக்காக ஒரு புத்தக நிறுவனம் ரூ.10,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கு. மார்ச் 3-ஆம் தேதி ஸ்பேம் விதியைச் சொல்லி சேனலை நீக்கிட்டாங்க. அவரோட சேமிப்புக் கணக்குல அன்னைக்கு ரூ.71,000 இருக்கு.

அந்த எழுபத்தோராயிரத்துல அவரோடது எவ்வளவு?

வகுப்பு ஒரு மாசம் முடிஞ்சது, மூணு மாசம் பாக்கி. ஆளுக்கு மாசம் ரூ.300-ன்னு வெச்சா, பாக்கி வகுப்போட மதிப்பு ஆளுக்கு ரூ.900. அறுபது பேருக்கு ரூ.54,000. ஸ்பான்சர் வீடியோ இன்னும் போடல, அதனால அந்த ரூ.10,000-மும் இன்னும் அவரோடது இல்லை. ரெண்டும் சேர்ந்தா ரூ.64,000. ஆக, நிஜமா அவர் கையில இருக்கிறது ரூ.7,000 மட்டும்தான்.

பிப்ரவரி விளம்பர வருமானம் வருமே? அதை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. ஒரு மாச வருமானம் அடுத்த மாசம் 7-ல இருந்து 12 தேதிக்குள்ளதான் உறுதியாகும், 21-ல இருந்து 26-க்குள்ளதான் பணம் கிளம்பும். இவர் சேனல் 3-ஆம் தேதியே போயிடுச்சு. விதிமீறல்னு நீக்கினா, கொடுக்காத பாக்கியை நிறுத்தி வைக்கிற உரிமை யூடியூபுக்கு உண்டு. பேங்க்ல வந்து விழுந்தாத்தான் அது பணம்.

அதனால முதல் நாள் வேலை, ரூ.64,000-த்தை வேற சேமிப்புக் கணக்குக்கு மாத்தி வைக்கிறது. அதுல இருந்து கேமரா இஎம்ஐ கட்டக் கூடாது. ஒரு வருஷத்துக்கு அந்த ரூ.9,000 வராதுன்னு வெச்சுக்கிட்டு, இஎம்ஐ சம்பளத்துல இருந்து மட்டும் ஓடுமான்னு பார்க்கணும். ஓடலைன்னா கேமராவை வித்துக் கடனை முடிக்கிறது பத்தி இப்பவே யோசிக்கணும், மூணு தவணை தவறின பிறகு இல்லை.

புதுப் பக்கம் எங்க தொடங்கலாம்?

யூடியூப் போட்ட தடை யூடியூபுக்குள்ள மட்டும்தான். ஃபேஸ்புக்ல பக்கம் தொடங்குறதையோ, இன்ஸ்டாகிராம்ல பாடம் நடத்துறதையோ, சொந்த வெப்சைட் வைக்கிறதையோ அது தடுக்காது. அந்தத் தளங்கள்ல உங்க மேல ஏற்கெனவே தடை இல்லைங்கிற பட்சத்துல, உங்க நிஜப் பேர்ல, அதே வகுப்புப் பேர்ல புதுப் பக்கம் தொடங்கலாம். பேரை மாத்தி ஒளிஞ்சு வர வேண்டிய அவசியமே இல்லை.

ஒண்ணு மட்டும் பாருங்க. எந்த வீடியோவுக்காக அங்க நீக்கினாங்களோ, அதையே இங்க கொண்டு வந்து போடாதீங்க. ஸ்பேம், பதிப்புரிமை விஷயத்துல எல்லாத் தளங்களோட விதியும் ஏறக்குறைய ஒண்ணுதான். நம்ம உதாரணத்துல இருக்கிறவர், ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழயும் ஒரே இணைப்பை அள்ளிப் போட்டதுதான் பிரச்சினைன்னா, புதுப் பக்கத்துல முதல்ல அந்தப் பழக்கத்தை விடணும்.

அடுத்து நிறைய பேர் சொல்ற யோசனை: "மனைவி பேர்ல யூடியூப் சேனல் தொடங்கிடலாமே?" இதுல ரெண்டு பக்கமும் அடி விழும். நீங்கதான் பாடம் எடுக்கிறீங்கன்னா, பேர் யாரோடதா இருந்தாலும் அது தடையைச் சுத்திப் போறதுதான். உங்க குரல், உங்க முகம், அதே பாடம், அதே போன்ல லாகின்னு இருக்கும்போது கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமில்லை. அப்ப வர்ற மெயில்லயே, நீக்கப்பட்ட சேனலோட இது தொடர்புள்ளதுன்னு எழுதியிருக்கும்.

வரிப் பக்கத்துல பார்த்தா, உழைச்சது நீங்க, பணம் போறது மனைவி கணக்குக்குன்னா, அது உங்க வருமானம்தான். அவங்க பான் நம்பர்ல காட்டிட்டோம்னு நீங்க நினைச்சாலும், வருமான வரித்துறை அதை உங்க வருமானத்தோட சேர்த்துக் கணக்குப் போடலாம். தடையையும் மீறி, வரிச் சிக்கலையும் சேர்த்து வாங்கிக்கிற வேலை இது.

மனைவி ஏற்கெனவே நிஜமாவே அவங்களா ஒரு சமையல் சேனல் நடத்துறாங்கன்னா அது அவங்களோடது. ஆனா அதுல நீங்க மேனேஜரா இருந்தா உங்க அனுமதியை எடுத்துட்டு, உங்க கணக்குல இருந்து அதுக்குள்ள போறதை நிறுத்திடுங்க. அவங்க வீடியோவுல போய் உங்க வகுப்பு விளம்பரமும் பண்ணாதீங்க.

ஃபாலோயர்ஸுக்குச் சொல்றது எப்படி?

இங்க ஒரு கசப்பான உண்மை இருக்கு. அந்த 22,000 பேரோட மெயிலும் நம்பரும் யூடியூப்கிட்டதான் இருக்கு, உங்ககிட்ட இல்லை. சேனல் நல்லா இருந்தப்ப கூகுள் டேக்அவுட்ல உங்க வீடியோக்களை இறக்கி வெச்சிருக்கலாம். ஆனா சந்தாதாரர்களோட தொடர்பு விவரத்தை அதுலயும் எடுக்க முடியாது. உங்ககிட்ட நிஜமா இருக்கிறது, ஃபீஸ் கட்டின 60 பேரோட விவரம் மட்டும்தான். அதனால வேலையை அங்கதான் ஆரம்பிக்கணும். அவங்கதான் பணம் கொடுத்தவங்க, முதல் உரிமை அவங்களுக்குத்தான்.

அவங்களுக்கு இன்னொரு அவசரமும் இருக்கு. பல பேர் காசு வாங்கி நடத்துற வகுப்பு வீடியோக்களையும் அதே சேனல்ல, லிங்க் வெச்சிருக்கிறவங்க மட்டும் பார்க்கிற மாதிரி போட்டிருப்பாங்க. சேனல் போனா அதுவும் சேர்ந்து போயிடும். மூல வீடியோ உங்க ஹார்டு டிஸ்க்ல இருந்தா, அதை கூகுள் டிரைவ் மாதிரி ஒரு இடத்துல ஏத்தி, அந்த 60 மெயில் ஐடிக்கு மட்டும் திறக்கிற மாதிரி வைங்க. அதுக்குப் பிறகுதான் தகவல் அனுப்பணும். "வகுப்பு போச்சு"ங்கிற சேதியையும் "வகுப்பு இங்க இருக்கு"ங்கிற சேதியையும் ஒரே கடிதத்துல சொன்னா, பணம் திரும்பக் கேட்கிறவங்க குறைவா இருப்பாங்க.

தகவல் மெயில்ல போகட்டும். எல்லா முகவரியையும் பிசிசி-ல போடுங்க, ஒருத்தர் மெயில் ஐடி இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. சாதாரண ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேர் வரைக்கும் அனுப்பலாம், அறுபதுக்கு அது தாராளம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்னா, உங்க நம்பரை சேவ் பண்ணியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் போகும். அதுக்காக எங்கேயோ கிடைச்ச நம்பர் பட்டியலை வாங்கி, தெரியாதவங்களுக்கு எல்லாம் மொத்தமா அனுப்பினீங்கன்னா வாட்ஸ்அப்பும் உங்களைத் தடை பண்ணிடும். ஒரு தடையோட போக வேண்டியது ரெண்டா ஆகும்.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"வணக்கம். டிஎன்பிஎஸ்சி கணக்கு வகுப்பு நடத்தும் நான் எழுதுகிறேன். மார்ச் 3 அன்று என் யூடியூப் சேனல், அந்தத் தளத்தின் ஸ்பேம் விதியின் கீழ் நீக்கப்பட்டது. மேல்முறையீடு செய்திருக்கிறேன். உங்கள் வகுப்பு நிற்காது. இதுவரை நடந்த பாடங்களும் இனி வரும் பாடங்களும் கீழே உள்ள இணைப்பில் உங்கள் மெயில் ஐடிக்குத் திறக்கும். தொடர விருப்பமில்லை என்றால் மார்ச் 20-க்குள் பதில் எழுதுங்கள், பாக்கி ரூ.900 நீங்கள் பணம் அனுப்பிய அதே கணக்குக்குத் திரும்ப வரும். யூடியூபில் எனக்கு இப்போது வேறு எந்தச் சேனலும் இல்லை. அங்கே என் பெயரில் ஏதாவது வந்தால் அது நான் இல்லை. புதிதாக எந்தப் பணமும் நான் கேட்கவில்லை. யாராவது கேட்டால் அனுப்ப வேண்டாம்."

இதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கு. நீக்கின காரணத்தை மறைக்காம சொல்றது, பின்னாடி "சார் ஏதோ ஏமாத்திட்டாராம்"னு வதந்தி கிளம்பாம இருக்க. தேதி போட்டு ரீஃபண்ட் சொல்றது, பிற்பாடு தகராறு வந்தா உங்க நேர்மைக்கு ஆதாரமா நிக்க. கடைசி மூணு வரிகள்தான் ரொம்ப முக்கியம். ஒரு சேனல் போன உடனே அதே படம், அதே பேரோட யாராவது "பேக்அப் சேனல்" தொடங்கி, சேரணும்னா இந்த யுபிஐ-க்கு அனுப்புங்கன்னு கேட்க வாய்ப்பு இருக்கு. அப்படி உங்க மாணவர் யாராவது பணம் இழந்தா, உடனே 1930-க்கு போன் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா cybercrime.gov.in-ல புகார் பதியச் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றாங்களோ, பணத்தை நடுவழியில நிறுத்துற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சரி, மிச்சம் இருக்கிற 22,000 பேர்? அவங்களை நீங்க தேடிப் போக முடியாது. அவங்க உங்களைத் தேடும்போது கண்ணுல படற மாதிரி இருக்கலாம். ஏற்கெனவே இருக்கிற உங்க இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கத்துல மேல நிக்கிற மாதிரி ஒரு பதிவு போடுங்க. சொந்த வெப்சைட் இருந்தா முதல் பக்கத்துல நாலு வரி எழுதுங்க. சேனல் பேரைப் போட்டு கூகுள்ல தேடுறவங்களுக்கு அது கிடைக்கணும். வாரா வாரம் பாடம் அங்க வந்துட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா வருவாங்க. எல்லாரும் வரமாட்டாங்க, அதையும் ஒத்துக்கத்தான் வேணும்.

செய்யக் கூடாதது மூணு. நண்பரோட யூடியூப் சேனல்ல போய் உக்காந்து "நான் இனிமே இங்க வருவேன்"னு சொல்லக் கூடாது. நீங்க முக்கியமா வர்ற சேனல்ங்கிற விதியில அவர் சேனல் மாட்டும். மத்தவங்க வீடியோவுக்குக் கீழ போய் உங்க புதுப் பக்க இணைப்பை ஒட்டக் கூடாது, அது அப்பட்டமான ஸ்பேம். மாணவர்களைத் திரட்டி யூடியூபுக்கு மொத்தமா புகார் அனுப்பச் சொல்லவும் வேணாம். மேல்முறையீட்டுல அவங்க பார்க்க வேண்டியது உங்க வீடியோவையும் விதியையும்தான், எத்தனை பேர் கோபமா இருக்காங்கங்கிறதை இல்லை.

பணம் திரும்பக் கொடுக்கும்போது

நம்ம உதாரணத்துல 15 பேர் வேண்டாம்னு சொல்றாங்கன்னு வைங்க. 15 × 900, ரூ.13,500. எந்தக் கணக்குல இருந்து வந்ததோ அதே கணக்குக்கே அனுப்புங்க. கையில ரொக்கமா கொடுக்காதீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல வந்ததும் போனதும் ரெண்டும் தெரியணும், அதுதான் உங்க ஆதாரம்.

ஸ்பான்சருக்கு ரெண்டு வழி இருக்கு. அதே வீடியோவைப் புது ஃபேஸ்புக் பக்கத்துல போட்டா போதுமான்னு மெயில்ல கேளுங்க. சரின்னா மெயில்லயே பதில் வாங்குங்க, புதுப் பக்கத்துல எத்தனை பேர் இருக்காங்கங்கிற நிஜ எண்ணிக்கையையும் சொல்லுங்க. அவங்க வேணாம்னா ரூ.10,000-த்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

இதுல மார்ச் மாசம்னா ஒரு சூட்சுமம் இருக்கு. வந்த பணத்தை வெச்சுத்தான் நீங்க கணக்கு எழுதுறீங்கன்னா, பிப்ரவரியில வந்த ஃபீஸ் இந்த நிதியாண்டு வரவு. ரீஃபண்டை மார்ச் 31-க்குள்ள கொடுத்துட்டா அதே வருஷ வரவுல கழிஞ்சிடும். ஏப்ரலுக்குத் தள்ளினா, வரவு ஒரு வருஷத்துலயும் கழிவு அடுத்த வருஷத்துலயும் நிக்கும். உங்களுக்கு நிஜத்துல கிடைக்காத பணத்துக்கு இந்த வருஷம் வரி கட்டற மாதிரி ஆகலாம். கடிதத்துல மார்ச் 20-ன்னு கடைசித் தேதி போட்டதுக்குக் காரணம் இதுதான். பதில் வந்த பிறகு அனுப்ப பதினொரு நாள் இருக்கு.

சேனல் போயிடுச்சுங்கிறதுக்காக அந்த வருஷ யூடியூப் வருமானத்தை வருமான வரிக் கணக்குல காட்டாம விட்டுடவும் கூடாது. நீக்கம் நடந்தது மார்ச்ல. ஏப்ரல்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பேங்க்ல வந்தது வருமானம்தான். ஸ்டூடியோவுக்குள்ள போய் மாத வாரியா அறிக்கை எடுக்க முடியாமப் போகலாம், அதனால பேங்க் ஸ்டேட்மென்டையும் ஆட்சென்ஸ்ல இருந்து வந்த பணம் அனுப்பின மெயில்களையும் இப்பவே ஒரு ஃபோல்டர்ல சேர்த்து வைங்க. அந்த கூகுள் கணக்கை அழிக்காதீங்கன்னு சொன்னதுக்கு இது இன்னொரு காரணம்.

இன்னைக்கு உங்க சேனல் நல்லபடியா ஓடிட்டு இருக்குன்னா ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்ககிட்ட ஃபீஸ் கட்டினவங்க பட்டியலை எடுத்து, பேர், மெயில், கட்டின தொகை, எந்த மாசம் வரைக்கும் வகுப்பு பாக்கின்னு நாலு காலம் போட்டு, யூடியூபுக்கு வெளிய ஒரு எக்செல் ஷீட்ல வைங்க. மூல வீடியோக்களையும் ஒரு ஹார்டு டிஸ்க்ல போடுங்க. மேல சொன்ன கணக்கை அஞ்சு நிமிஷத்துல போட அந்த ஷீட் இருந்தாத்தான் முடியும்.

ரீஃபண்ட், ஸ்பான்சர் அட்வான்ஸ் ரெண்டையும் வருமான வரிக் கணக்குல எந்த இடத்துல எப்படிக் காட்டுறதுன்னு அடுத்த பதிவுல பார்ப்போம்.